கரையில் நின்று எண்ணுதல்: இரவுப் பணிக் கதை பற்றி மாணவிகள் கேட்ட கேள்விகள்

நான் அன்று வகுப்புக்கு வரவில்லை, மேடம். எல்லோரும் பேசுகிற அந்தப் பாசிப் பாட்டி கதையை எனக்கும் சொல்வீர்களா?

மண்டபம் பக்கத்தில் கடலோரமாக ஒரு சிறு மருத்துவமனை. மார்கழி மாதம், வாடைக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு அன்று இரவுப் பணி. பெண்கள் வார்டின் கடைசிப் படுக்கையில் ஒரு பாட்டி. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி நாற்பது ஆண்டுகள் மூழ்கிப் பாசி எடுத்தவர். கருப்பைவாய்ப் புற்று ஈரலுக்கும் பரவியிருந்தது. நோய்க்கு இனி வைத்தியம் இல்லை, வலியும் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் குடும்பத்தாரிடம் பேசி, சார்ட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஸ்டாஃப் நர்ஸ் மாணவியிடம் ஒரு முக்காலியைக் கொடுத்து, “நீ அங்கே உட்கார். மற்ற படுக்கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். காரணமில்லாமல் எழுந்து வராதே” என்றார்.

பாட்டியின் மகள் கட்டிலின் மறுபக்கம் தரையில் பாய் விரித்திருந்தாள். நள்ளிரவில் பாட்டியின் தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டது. இரண்டு மணிக்குமேல் மூச்சு நின்று நின்று வந்தது. முதல் முறை நின்றபோது மாணவி துள்ளி எழுந்து அழைப்பு மணியில் கை வைத்தாள். மகள் எழுந்திருக்கவில்லை. “உட்கார், தங்கச்சி. ஆத்தா முங்கியிருக்கிறது. வந்துவிடும்” என்றாள். சின்ன வயதில் தாயுடன் வள்ளத்தில் போவாளாம். தாய் தண்ணீருக்குள் போனதும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்குவாளாம். அறுபதைத் தாண்டியதே இல்லையாம். அதன்பின் இருவரும் சேர்ந்தே எண்ணினார்கள். பதினைந்தில் ஒரு மூச்சு. அடுத்தது இருபத்திரண்டில். பிறகு முப்பத்தைந்தில்.

விடிவதற்குமுன் ஒரு முறை எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. மகள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். மாணவி நிறுத்தவில்லை. நூறில் மணியை அழுத்தினாள். ஸ்டாஃப் நர்ஸ் ஓசையில்லாமல் வந்து அவள் பின்னால் நின்றார். முந்நூறு வரை உதடு அசையாமல் எண்ணி முடித்தாள். வார்டில் காற்றுச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. மகள்தான் முதலில் பேசினாள்: “எண்ணி முடித்துவிட்டாயா, தங்கச்சி?” கதை அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் போன பிறகு ஒவ்வோர் ஆண்டும் மாணவிகள் திரும்பி வந்து ஒரே சந்தேகங்களைக் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது உண்மையில் நடந்ததா, நீங்கள் கற்பனை செய்ததா?

கதை நான் எழுதியது. அந்தப் பாட்டி ஒரே ஒரு ஆள் அல்ல, அந்த மாணவியும் அப்படித்தான். ஆனால் படுக்கையருகே நடந்ததாகச் சொல்லியிருக்கும் எதையும் நான் அழகுக்காகச் சேர்க்கவில்லை. மூச்சின் இடைவெளி, மருந்தின் அளவு, நேரம் எல்லாம் வார்டில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கின்றன.

அந்த மாணவி இரவு முழுக்க ஒன்றுமே செய்யவில்லையே. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நர்ஸ் எதற்கு?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கதையில் நான் சொல்லாமல் விட்ட வேலைகளை இங்கே சொல்கிறேன். அவள் முக்காலியைத் தலைமாட்டில் போடவில்லை. பாட்டி கண் திறந்தால் திரும்பாமலே தன் முகம் தெரியும்படி, இடுப்புக்கு நேராகப் போட்டுத் தாழ உட்கார்ந்தாள். தன் கையைப் பாட்டியின் கைக்கு மேலே வைக்கவில்லை, கீழே கொடுத்தாள். மேலே வைத்தால் அது பிடித்து வைப்பது போலாகிவிடும். கீழே இருந்தால் பாட்டி விரும்பியபோது கையை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கை எடுக்கப்படவில்லை என்பதே அவளுக்கு ஒரு செய்தி. விரல் நுனிகளில் பாறை கிழித்த பழைய தழும்புகள் கட்டைவிரலில் தட்டுப்பட்டன. பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் மூழ்குவார்கள். சுற்றியும் கிழித்த தழும்புகள் அவை.

ஏறத்தாழ மணிக்கொரு முறை நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்து, உதட்டில் மெல்லப் பசை தடவினாள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் ஸ்டாஃப் நர்ஸுடன் சேர்ந்து பாட்டியை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் முகத்தைப் பார்த்தாள். பேச முடியாதவரின் வலி புருவ மத்தியில்தான் முதலில் தெரியும். நெற்றி சுருங்குகிறதா, கை போர்வையைப் பிடிக்கிறதா, முனகல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டரைக்கு நெற்றி சுருங்கியதைக் கண்டு ஸ்டாஃப் நர்ஸிடம் சொன்னது அவள்தான். வார்டு முழுக்க ஓடிக்கொண்டிருப்பவர் கண்ணில் அது பட்டிருக்காது.

பிரஷர், ஆக்சிமீட்டர் எதுவுமே பார்க்கவில்லையே. அது அலட்சியம் இல்லையா?

டாக்டர் எழுதிய குறிப்பில் அவற்றை நிறுத்தச் சொல்லியிருந்தது. பிரஷர் குறைகிறது என்று தெரிந்து நாம் எதையும் மாற்றப்போவதில்லை என்றால், பட்டையை இறுக்கி அவரை எழுப்புவதற்குக் காரணமில்லை. ஆக்சிமீட்டர் திரையை வைத்தால் வீட்டார் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்பார்கள். ஆனால் இந்த முடிவு மாணவியுடையது அல்ல. சார்ட்டில் அப்படி எழுதப்படாதவரை வழக்கமான அளவீடுகளை நீங்கள் எடுத்தாக வேண்டும்.

மூச்சு ஏன் அப்படி நின்று நின்று வருகிறது? அவர் திணறிக்கொண்டு கிடந்தாரா?

டப்ளினில் வேலை பார்த்த இரண்டு மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்தார்கள். அதனால் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அலை மாதிரி வரும். மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு மூச்சும் ஆழமாகி, உச்சிக்குப் போய், மறுபடி மெலிந்து, பிறகு நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து அடுத்த அலை தொடங்கும்.

நம்மை மூச்சு இழுக்கச் சொல்வது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, இரத்தத்தில் ஏறும் கரியமில வாயு. மூளைத்தண்டு அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நல்ல உடலில் கரியமில வாயு சற்று ஏறியதும் ஒரு மூச்சு, இறங்கியதும் ஓய்வு என்று கணக்குச் சீராகப் போகும். சாகும் உடலில் இரத்த ஓட்டம் மந்தமாகிறது, மூளைத்தண்டும் சரியாகக் கணக்கிடுவதில்லை. நுரையீரலில் நடப்பது மூளைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. செய்தி வருவதற்குள் கரியமில வாயு அதிகமாகிவிடும், அதனால் பெருமூச்சுகள். அது குறைந்த செய்தியும் தாமதமாகவே வரும், அதற்குள் தேவைக்கு மேல் மூச்சு விட்டாகிவிட்டது, அதனால் நீண்ட நிறுத்தம். கடலுக்குள் பாட்டியை மேலே தள்ளியதும் இதே கரியமில வாயுதான். அங்கே அவர் மன உறுதியால் அதை அடக்கி வைத்தார். இங்கே யாரும் எதையும் அடக்கவில்லை, தகவல்தான் தாமதமாக வருகிறது. ஆகவே நிறுத்தத்தின்போது அவருக்குத் திணறல் இல்லை. எப்படித் தெரியும் என்றால், மேலே சொன்ன நெற்றியைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் அவர் தவிக்கவில்லை.

இன்னொன்று. இந்த மூச்சை எண்ணும்போது பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். நிறுத்தத்தில் எண்ணினால் பூஜ்யம் வரும், அலையின் உச்சியில் எண்ணினால் நாற்பது வரும். இரண்டுமே பொய். இரண்டு மூன்று அலைகள் முழுதாகப் போகும்வரை எண்ணுங்கள். மூச்சு எத்தனை என்பதோடு, நிறுத்தம் எத்தனை நொடி என்பதையும் தனியாக எழுதுங்கள்.

ஒரு ஆக்சிஜன் மாஸ்காவது போட்டிருக்கலாமே?

தவிப்பு இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. வாய் காயும், முகம் மறையும், மகள் தன் கன்னத்தைத் தாயின் கன்னத்தோடு வைக்க முடியாது. மூச்சுத் திணறல் இருந்தால் முகத்தில் படும் குளிர்ந்த காற்றே அந்த உணர்வைக் குறைக்கும். கதையில் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். மின்விசிறி போதும், நம் கடற்கரையில் பல இரவு அதுவும் வேண்டாம்.

சேடம் இழுக்கும்போது சக்‌ஷன் வைத்து எடுக்காமல் விட்டது எனக்குத் தாங்கவில்லை. எடுத்திருந்தால் அந்தச் சத்தம் நின்றிருக்காதா?

உங்களுக்குத் தாங்கவில்லை என்பது சரி. அந்தச் சத்தம் கேட்பவரைத்தான் வதைக்கிறது. நினைவு நன்றாக உள்ள நாமெல்லாம் எச்சிலை ஒரு நாளில் எத்தனையோ முறை அறியாமலே விழுங்குகிறோம். பாட்டியால் விழுங்கவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை. தொண்டையில் தேங்கிய கொஞ்சம் நீரின்மேல் காற்று போய்வருவதால்தான் களகளப்பு. குறட்டை விடுபவரின் தூக்கத்தை அவருடைய குறட்டை கெடுப்பதில்லை. மகளிடம் ஸ்டாஃப் நர்ஸ் இதையேதான் சொன்னார்.

குழாயைத் தொண்டைக்குள் விட்டால் கிடைப்பது சொற்பம். குமட்டும், தொண்டை புண்படும், எரிச்சலில் இன்னும் சுரக்கும், பத்து நிமிடத்தில் சத்தம் திரும்பிவிடும். வாயின் முன்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற கோழையை மட்டும் பஞ்சாலோ மென்மையான சக்‌ஷனாலோ எடுக்கலாம். முதல் வைத்தியம் படுக்கை நிலைதான். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, முகம் கீழ்நோக்கிச் சாயும்படி முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். கடைவாய் வழியே கொஞ்சம் வழிந்தது, சத்தம் பாதியாயிற்று. பிறகு டாக்டர் எழுதியிருந்தபடி ஹையோசின் பியூட்டைல்புரோமைடு 20 மில்லிகிராம் தோலடியில் போட்டார்கள். அந்த மருந்து இனிச் சுரப்பதைத்தான் குறைக்கும், ஏற்கெனவே தேங்கியதை உலர்த்தாது. அதனால் சத்தம் தொடங்கியவுடனே போட வேண்டும். இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போட்டு, “வேலை செய்யவில்லை” என்று சொல்வதில் பொருளில்லை. சிலருக்கு எதைச் செய்தாலும் சத்தம் முழுதாக நிற்காது. அப்போது நம் வேலை வீட்டாரோடு இருப்பது.

மகள் பால் ஊற்றக் கேட்டிருப்பாளே. மறுத்தால் பாவம், விட்டால் புரையேறும். என்ன செய்வது?

மறுக்கவும் வேண்டாம், கரண்டியைக் கொடுக்கவும் வேண்டாம். விழுங்கத் தெரியாதவர் வாயில் ஒரு தேக்கரண்டி பால் ஊற்றினால் அது மேலே சொன்ன தேக்கத்தோடு சேரும், மூச்சுக்குழலில் இறங்கும். ஆனால் அந்தப் பால் வயிற்றுக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மாணவி பாட்டியை ஒருக்களித்த நிலையிலேயே வைத்து, பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, மகள் கையில் கொடுத்தாள். மகள் உதட்டிலும் உட்கன்னத்திலும் தொட்டுவைத்தாள். பேரன் போனில் கேட்டபோது, “பால் கொடுத்துவிட்டேன்” என்றாள். அது பொய்யே அல்ல.

அக்கினி தீர்த்தத்தில் மொண்டுவந்த நீரானாலும், கீழக்கரைப் பக்கத்தில் கொண்டுவரும் ஸம்ஸம் நீரானாலும் இதே முறைதான். யாசீன் ஓதுவதற்கும், செபமாலை சொல்வதற்கும், பாதிரியார் எண்ணெய் பூசுவதற்கும் இடம் விட்டு நகர்ந்து உட்காருங்கள். எழுந்து வெளியே போய்விட வேண்டியதில்லை, போகச் சொன்னால் ஒழிய. குளுக்கோஸாவது ஏற்றுங்கள் என்று கேட்பார்கள். உடல் பயன்படுத்த முடியாத நீர், சேடமாகவும் கால் வீக்கமாகவும்தான் வெளிப்படும். வாய் வறட்சி குளுக்கோஸால் அல்ல, ஈரப் பஞ்சால்தான் தீரும்.

பன்னிரண்டரைக்கு மார்ஃபின் போட்டார்கள், இரண்டு மணிக்கு மூச்சு நிற்கத் தொடங்கியது. அந்த ஊசிதான் அவரைக் கொன்றது என்று தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைக் கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உறங்காத நர்ஸ்களை எனக்குத் தெரியும். ஆகவே கணக்கை முழுதாகப் போடுவோம். பாட்டி இரண்டு வாரமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தார். நாளுக்கு 60. விழுங்க முடியாமல் போனதும் ஊசிக்கு மாற்றினார்கள். வாய்வழி மருந்தில் ஒரு பகுதி ஈரலிலேயே அழிந்துபோவதால், தோலடி ஊசிக்குப் பாதி போதும். அதாவது நாளுக்கு 30, வேளைக்கு 5. இடையில் வலி எழுந்தால் நாளளவில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகப் போடலாம். 30இல் ஆறில் ஒரு பங்கு அதே 5. பத்து மணிக்கு வழக்கமான 5. பன்னிரண்டரைக்கு நெற்றி சுருங்கியதற்காகக் கூடுதல் 5. இரண்டு வாரம் பழகிய உடலுக்கு அது புதிய சுமை அல்ல.

இனி நேரத்தைப் பாருங்கள். தோலடியில் போட்ட மார்ஃபின் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். ஒரு மணிக்குப் பார்த்தபோது நெற்றி தளர்ந்திருந்தது, மூச்சு 18இலிருந்து 14 ஆகியிருந்தது, சீராக இருந்தது. மருந்து மிகுந்திருந்தால் அப்போதே மூச்சு எட்டுக்குக் கீழே மெதுவாகியிருக்கும், கண்மணி குண்டூசித் தலைபோலச் சுருங்கியிருக்கும். அலையும் நிறுத்தமுமாக வந்த மாற்றம் மேலும் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. அதோடு முழங்காலில் ஊதாத் திட்டுகளும் பாதக் குளிர்ச்சியும் வந்தன. அவை மார்ஃபின் செய்கிற வேலை அல்ல, இரத்த ஓட்டம் ஒடுங்குவதன் அடையாளம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறுநீர் குறையும்போது மார்ஃபினின் கழிவுகள் உடலில் தங்கும். கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தால், அல்லது அமைதியின்றிப் பிதற்றினால், அடுத்த வேளைக்குமுன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலி கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் போட்டால் வெட்டல் அதிகமாகும். மாணவி மார்ஃபின் போடுவதில்லை, பதிவேட்டில் எழுதுவதும் கையெழுத்தும் ஸ்டாஃப் நர்ஸுடையவை. நீங்கள் கண்டதைச் சொல்வது உங்களுடையது.

“அண்ணனை இன்றைக்கே கிளம்பச் சொல்லட்டுமா?” என்று மகள் கேட்டால் நான் என்ன சொல்வது?

பதினோரு மணிக்கு மகள் அதைக் கேட்டாள். அண்ணன் கொச்சியில் விசைப்படகில் வேலை. மாணவி பதில் சொல்லாமல், “சிஸ்டரைக் கூப்பிடுகிறேன், அவர்களே சொல்லட்டும்” என்று எழுந்தாள். அதுதான் சரியான காரியம். ஸ்டாஃப் நர்ஸ் நேரம் குறிக்கவில்லை. “இப்போதே கிளம்பட்டும். வந்து சேரும்வரை இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நேற்றுவரை நாள் கணக்கு, இப்போது மணிக்கணக்கு” என்றார்.

மணிக்கணக்கு என்பதை எதை வைத்துச் சொன்னார்? பகலிலிருந்து சிறுநீர் கொஞ்சமாய், தேநீர் நிறத்தில் வந்தது. மணிக்கட்டு நாடி கைக்குச் சரியாகக் கிட்டவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பிறகு வந்த திட்டுகளும், கடைசியில் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழ்த்தாடை மட்டும் மீன்போல அசைந்ததும் இன்னும் கிட்டத்து அடையாளங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் கண்டு சொல்லிவிடாதீர்கள். சேர்ந்து வரும்போதுதான் பொருள். அப்போதும் ஒரு நாள் தள்ளிப்போவதுண்டு, அதனால்தான் நேரம் குறிப்பதில்லை.

அவருக்குக் காது கேட்டிருக்குமா? எனக்கு ஏதாவது பேச வேண்டும் போல இருக்கும், ஆனால் என்ன பேசுவது என்று தெரியாது.

கேட்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி மணிகளில் அசைவற்றுக் கிடந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சிலருடைய மூளை ஒலி மாறியதற்கு, நல்ல நினைவோடு இருப்பவர்களுடையதைப் போலவே பதில் காட்டியது. அவர்கள் பேச்சைப் புரிந்துகொண்டார்கள் என்று இதிலிருந்து சொல்ல முடியாது, ஒலி எட்டுகிறது என்று சொல்லலாம். அண்ணன் பஸ்ஸில் ஏறியதும் மகள் போனைத் தாயின் காதருகே வைத்தாள். அவன் பேசியது மாணவிக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதுமில்லை.

நீங்கள் பேச வேண்டியது கொஞ்சம்தான். தொடுவதற்குமுன் சொல்லுங்கள்: “பாட்டி, வாயைத் துடைக்கப்போகிறேன்.” “பாட்டி, இந்தப் பக்கம் திருப்புகிறோம்.” மகள் தூங்கிவிட்டால், “மகள் இங்கேயே இருக்கிறார்” என்று சொல்லலாம். சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள். படுக்கைக்கு மேலே சக மாணவியோடு பேசாதீர்கள், கிசுகிசுப்பாகவும் வேண்டாம். மௌனம் நீண்டால் அதை நிரப்ப வேண்டியதில்லை.

நான் கழிப்பறைக்குப் போன அந்த ஐந்து நிமிடத்தில் போய்விட்டால்?

போகலாம், அது நடக்கிறது. இரவெல்லாம் உட்கார்ந்த மகன் டீ குடிக்கப் போன நேரத்தில் போனவர்களும் உண்டு. எழும்போது சொல்லிவிட்டு எழுங்கள், உங்கள் இடத்தில் ஒருவரை உட்கார்த்திவிட்டுப் போங்கள். தனியே போனார் என்று வீட்டார் தங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டால், அதற்குமுன் எத்தனை மணி நேரம் அவர்கள் கை அங்கே இருந்தது என்பதை நேரத்தோடு சொல்லுங்கள். நீங்கள்தான் அதைப் பார்த்தவர்.

முந்நூறு வரை ஏன் எண்ண வேண்டும்? நெஞ்சை அழுத்த வேண்டாமா? என் வார்டில் இப்படி எண்ணிக்கொண்டிருந்தால் என்னைத் தொலைத்துவிடுவார்கள்.

தொலைக்கத்தான் வேண்டும், சார்ட்டில் உத்தரவு இல்லாவிட்டால். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்பது டாக்டர் எடுத்து, குடும்பத்தோடு பேசி, எழுதிவைக்கிற முடிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கதையின் முதல் பத்தியிலேயே அந்தக் கையெழுத்தைச் சொன்னது இதற்காகத்தான். அந்தக் காகிதம் இல்லாத படுக்கையில் மூச்சு நின்றால் எண்ணாதீர்கள், உடனே ஆளைக் கூப்பிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். பணி ஏற்கும்போதே எந்தப் படுக்கைக்கு எந்த உத்தரவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் சார்ட்டைத் திறந்து பாருங்கள்.

உத்தரவு இருந்த இந்தப் படுக்கையில் முந்நூறு நொடி, அதாவது ஐந்து நிமிடம், ஏன் என்றால், அறுபதுக்குப் பிறகும், சில சமயம் இன்னும் தாமதமாகவும், ஒற்றை மூச்சு வரும். “போய்விட்டார்” என்று சொல்லி மகள் அலறிய பிறகு அந்த மூச்சு வந்தால், அந்த வீட்டில் அந்த நிமிடம் காலமெல்லாம் மறக்காது. ஐந்து நிமிடம் மூச்சும் இல்லை, கழுத்து நாடியும் இல்லை என்று பார்த்த பிறகு ஸ்டாஃப் நர்ஸ் டாக்டரை அழைத்தார். மரணத்தை உறுதிசெய்து அறிவிப்பது டாக்டர்தான்.

பிறகு உடலை என்ன செய்தாள்? அதைக் கதையில் சொல்லவே இல்லை.

டாக்டர் வந்துபோகும்வரை மகள் கட்டிலில் தாயோடு படுத்திருந்தாள், யாரும் எழுப்பவில்லை. பிறகு இமைகளை மூடி, நனைத்த பஞ்சை அரை நிமிடம் மேலே வைத்தார்கள். மோவாய்க்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தார்கள், உடலை நேராகக் கிடத்தினார்கள். விறைப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையில் தொடங்கிவிடும், அதற்குமுன் செய்தால்தான் முகம் வீட்டாருக்குத் தெரிந்த முகமாக இருக்கும். குளிப்பாட்டும் முறை ஊருக்கு ஊர், சமயத்துக்குச் சமயம் மாறும். கேட்காமல் தொடங்காதீர்கள். மகள் தானே முகம் துடைத்தாள். விரல்களைத் துடைக்க வரும்போது மட்டும் கை நின்றுவிட்டது. அந்தத் தழும்புகளை மாணவி துடைத்தாள்.

அவள் அழுதாளா? நான் அழுதால் தப்பா?

அழுதாள், மகள் பார்க்கும்படி. கண்ணீர் வந்தால் வரட்டும். மகள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்தால் மட்டும் எழுந்து, ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லி, கொஞ்ச நேரம் விலகுங்கள்.

இதையெல்லாம் சார்ட்டில் எப்படி எழுதுவது? “சும்மா உட்கார்ந்திருந்தேன்” என்று எழுத முடியாதே.

பார்த்ததை, நேரத்தோடு எழுதுங்கள். “நோயாளி அமைதியாக இருந்தார்” என்பது பார்த்தது அல்ல, முடிவு. நெற்றி தளர்ந்திருந்தது என்பது பார்த்தது. வார்டில் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், விஷயம் ஒன்றுதான். அந்த மாணவி எழுதியது இப்படி இருந்தது:

இரவு 10.00: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். மார்ஃபின் 5 மி.கி. தோலடியில், ஸ்டாஃப் நர்ஸ். வாய் துடைக்கப்பட்டது.
12.00: தொண்டையில் சத்தம். தலைப்பக்கம் உயர்த்தி, முகம் சாய்த்து வைத்தோம். ஹையோசின் 20 மி.கி. தோலடியில், ஸ்டாஃப் நர்ஸ்.
12.30: நெற்றி சுருங்கியது, முனகல். ஸ்டாஃப் நர்ஸிடம் சொன்னேன். மார்ஃபின் 5 மி.கி. கூடுதல்.
1.00: நெற்றி தளர்ந்தது. மூச்சு 14, சீராக. வலப்பக்கம் திருப்பினோம்.
2.10: மூச்சு அலையாக வருகிறது, நிறுத்தம் 15 முதல் 22 நொடி. முழங்காலில் திட்டு. பாதம் குளிர்ச்சி. மகளிடம் ஸ்டாஃப் நர்ஸ் விளக்கினார்.
3.45: நிறுத்தம் 35 நொடி. தாடை அசைவு. நெற்றி தளர்ந்தே உள்ளது.
4.40: கடைசி மூச்சு. ஐந்து நிமிடம் பார்த்தோம். டாக்டருக்குத் தகவல். மகள் அருகில் இருந்தார், கை பிடித்திருந்தார்.